மாமியை வெட்டித்தான் திரையை நிரப்ப வேண்டுமா?

"அப்பாவின் அறுபதாம் கலியாணத்தில் போட, அண்ணா கனடாவிலிருந்து குடும்பப் படங்களைப் பவர்பொயின்டில் செய்து அனுப்பினார். அது 16:9. மண்டபத்துப் புரொஜெக்டர் பழையது, 4:3. மாற்றும்போது Maximize, Ensure Fit என்று இரண்டு கேட்டது. முதலாவதை அழுத்தினேன், திரை நிறைந்தது. ஓரத்தில் நிற்கிற மாமி மட்டும்தான் வெட்டுப்படுகிறா, அது பரவாயில்லை. ஆனால் முதல் ஸ்லைட்டில் அப்பாவும் அம்மாவும் ஒல்லியாக நீண்டு தெரிகிறார்கள். என்ன செய்வது?"
- வாசகி, கோண்டாவில்

தங்கச்சி, அப்பா அம்மாவுக்குப் பிறகு வருகிறேன். 'மாமி மட்டும்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் அப்பாவின் கூடப்பிறந்தவர் இல்லையா? அன்றைக்கு முன்வரிசைக் கதிரையில் இருக்கப் போகிறவர், தன்னுடைய பாதி முகத்தைத் திரையில் பார்க்க வேண்டுமா? குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் அநேகமாக மற்றவர்களுக்கு நடுவிடத்தை விட்டு ஒதுங்கி நின்றவர்கள். அவர்களை வெட்டினால் பரவாயில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.

நல்லவேளை, மாமி அழிந்து போகவில்லை. அண்ணாவின் ஸ்லைட் 13.33 அங்குல அகலம், 7.5 உயரம். 4:3 ஸ்லைட்டுக்கும் அதே உயரம்தான், ஆனால் அகலம் 10. Maximize படத்தின் அளவைக் குறைக்காமல் இரண்டு பக்கமும் 1.67 அங்குலத்தை வெளியே தள்ளிவிடும். Zoom ஐக் குறைத்துப் பாருங்கள், மாமி ஸ்லைட்டுக்கு வெளியே நிற்பார். அதை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்ய மினக்கெட வேண்டாம். அண்ணா அனுப்பிய பைலைக் கொப்பி பண்ணி, Design → Slide Size → Standard (4:3) போய், இந்த முறை Ensure Fit கொடுங்கள்.

எல்லாம் முக்கால் அளவாகச் சுருங்கும், ஆனால் உருவம் மாறாது. மேலும் கீழும் ஏறக்குறைய ஒவ்வொரு அங்குலம் வெறுமையாகக் கிடக்கும், கிடக்கட்டும், அந்த இடத்துக்காகத்தானே மாமியை வெட்டினீர்கள். எழுத்துதான் கவனம்: 24 புள்ளியில் இருந்தது 18 ஆகிவிடும், பின்வரிசைக் கிழவர்களுக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே உள்ள வெறுமையில் அந்த எழுத்தை இறக்கி, மறுபடி 24 ஆக்குங்கள்.

சரி, இனி அப்பா அம்மா. அந்தப் படத்தைக் கிளிக் பண்ணிப் பாருங்கள். சுற்றிவரக் குமிழ்கள் வராவிட்டால் அண்ணா அதைப் பின்னணியாகப் போட்டிருக்கிறார், பின்னணிப் படம் ஸ்லைட் எந்த வடிவமோ அந்த வடிவத்துக்கு நசுங்கும், Ensure Fit கொடுத்தாலும் தப்பாது. அண்ணாவிடம் மூலப் படத்தை வாங்குங்கள். Format Background இல் Solid fill போட்டுவிட்டு, படத்தை Insert → Pictures வழியாக வையுங்கள். பெரிதாக்க மூலைக் குமிழை மட்டும் இழுங்கள், பக்கக் குமிழைத் தொட்டால் திரும்பவும் நீளும். அம்மாவின் பொட்டு வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சரி.

முதல்நாள் பின்னேரம் மண்டபத்துக்குப் போய் மாமி நிற்கும் ஸ்லைட்டை முதலில் ஓட்டுங்கள். லப்டொப்பில் வட்டமான பொட்டு சுவரில் நீள்வட்டமாகத் தெரிந்தால் பிழை உங்கள் பைலில் இல்லை, புரொஜெக்டரின் மெனுவில் Aspect என்பதைப் பொட்டு வட்டமாகும்வரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.