எரர், பக், டிஃபெக்ட், ஃபால்ட்: எல்லாமே பிழைதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மென்பொருள் சோதனைக் குழுவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எங்கள் பக் ரிப்போர்ட் படிவத்தைத் தமிழில் தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எரர், பக், டிஃபெக்ட், ஃபால்ட் என்று நான்கு சொற்கள் வருகின்றன. அகராதியில் நான்குக்கும் தவறு, பிழை, குறை என்றே மாறி மாறி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'பிழை' என்று போட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

நிர்மலா

அன்புள்ள நிர்மலா,

ஒருமுறை என்னிடம் வந்த ரிப்போர்ட்டின் தலைப்பு, "மாத அறிக்கையில் எரர்". படித்ததும் நேராக லாகைத் திறந்தேன். எரர் என்று சொன்னால், நிரல் எங்கோ முறையிட்டுவிட்டு நின்றிருக்கிறது என்றுதான் புரோகிராமர் காதில் விழும். லாகில் ஒரு வரிகூட இல்லை. அரை நாள் தேடிய பிறகு எழுதியவரிடமே கேட்டேன். "ஜனவரி அறிக்கையில் 31ஆம் தேதிப் பதிவுகள் மட்டும் வரவில்லை" என்றார். அதைக் கேட்டபின் பத்து நிமிடத்தில் இந்த வரி கண்ணில் பட்டது:

```sql
WHERE created_at BETWEEN '2024-01-01' AND '2024-01-31'
```

அந்த `created_at` தேதியோடு நேரத்தையும் வைத்திருந்தது. அப்படி இருக்கும்போது '2024-01-31' என்று எழுதினால், டேட்டாபேஸ் அதை 31ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு நொடி பிந்தி விழுந்த பதிவுகூட வெளியே நின்றுவிடும்.

இதில் மூன்று விஷயங்கள் நடந்திருக்கின்றன. '31 என்று எழுதினால் அந்த நாள் முழுவதும்' என்று எழுதியவர் நினைத்துக்கொண்டார். மனிதர் செய்த அந்தத் தவறைத்தான், மென்பொருள் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.எஸ்.டி.க்யூ.பி.யின் கலைச்சொல் தொகுப்பு எரர் என்கிறது, மிஸ்டேக் என்றாலும் அதுவே. அந்தத் தவறு கோடில் இறங்கி ஒரு வரியாக உட்கார்ந்துவிட்டது. அது டிஃபெக்ட். பக், ஃபால்ட் இரண்டும் அதற்கே மறுபெயர்கள். அப்புறம், அறிக்கையை எடுத்தபோது 31ஆம் தேதி காணாமல் போனது ஃபெயிலியர். உங்கள் பட்டியலில் இல்லாத இந்த ஐந்தாவது சொல்தான் ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு உயிர்நாடி, ஏனென்றால் அவர் கண்ணால் பார்த்தது அது ஒன்றைத்தான்.

ஒன்று இருக்கும்போது மற்றது இல்லாமலும் போகலாம். எங்கள் பிப்ரவரி அறிக்கை சரியாகவே வந்தது. 29ஆம் தேதி யாரும் எதையும் பதியவில்லை, அவ்வளவுதான். டிஃபெக்ட் அங்கேயே இருந்தது, ஃபெயிலியர் மட்டும் தலைகாட்டவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தால், 'பிழை இப்போது இல்லை' என்று அந்த ரிப்போர்ட்டை மூடியிருப்பார்கள். காரணத்தை அரைகுறையாக ஊகித்து எழுதுவதிலும் ஆபத்து உண்டு. முடிவு நேரத்தை `23:59:59` என்று மாற்றச் சொன்னார் ஒருவர். அந்த நொடிக்குள் அரை நொடி தள்ளி வரும் பதிவு அப்போதும் விடுபடும். சரியான திருத்தம் இது:

```sql
WHERE created_at >= '2024-01-01' AND created_at < '2024-02-01'
```

தமிழில் நான் தவறு, வழு, கோளாறு என்று பிரித்துக்கொள்வேன். மனிதர் செய்வது தவறு, கோடில் இருப்பது வழு, ஓடும்போது தெரிவது கோளாறு. பக் என்பதற்கு வழு என்ற சொல் கணித்தமிழ் வட்டாரத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. நம் இலக்கணத்தில் திணை வழு, பால் வழு என்று படித்த அதே சொல்தான். எழுதியதற்குள் இருக்கும் பிசகு என்ற பொருள் அதில் கச்சிதமாக உட்காருகிறது. வழுதான், ஆனாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இலக்கணம் வழுவமைதி என்று பெயர் வைத்திருக்கிறது. 'தெரியும், திருத்தப்போவதில்லை' என்று மூடப்படும் ரிப்போர்ட்டுகளுக்கு இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

'பிழை'யைத் திரையில் வரும் பிழைச் செய்திக்கு மட்டும் விட்டுவிடுங்கள். அது அங்கே நிலைத்துவிட்ட சொல், லாகைத் தேடவேண்டிய இடமும் அதுதான்.

எரர் என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். நம்பகமான கணினி அமைப்புகளைப் பற்றிய ஆய்வு நூல்களில் ஃபால்ட், எரர், ஃபெயிலியர் என்று வரிசை போகும். அங்கே எரர் என்பது ஓடும்போது உள்ளே உருவாகும் தவறான நிலை. அதனால் படிவத்தின் மேலேயே உங்கள் சொற்களுக்கு ஆளுக்கொரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள்.

தலைப்புக் கட்டத்துக்கு 'கோளாறு' என்று பெயர் வையுங்கள். அங்கே "ஜனவரி 2024 மாத அறிக்கையில் 31ஆம் தேதிப் பதிவுகள் வரவில்லை" என்பது போல எழுதட்டும். கீழே என்ன செய்தேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று மூன்று கட்டங்கள். 'வழு' என்ற கட்டம் கடைசியில் இருக்கட்டும், அதைக் கோடைத் திறந்து பார்த்தவர் நிரப்புவார். 'தவறு' என்று ஒரு கட்டம் வேண்டாம். அது ஆளைக் காட்டும்.