ஐவி ரேங்க் 25, பர்சென்டைல் 80: ஆப்ஷனை விற்பதா, வாங்குவதா?

ஒரே நாளில் நிஃப்டிக்கு ஐவி ரேங்க் 25, பர்சென்டைல் 80 என்று காட்டுகிறது. எதை நம்புவது?
*மஞ்சக்குப்பம், கடலூர்*

இரண்டு கணக்குமே சரிதான். ஐவி என்பது ஆப்ஷன் விலையில் பொதிந்திருக்கும், சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்க அளவு. ரேங்க் பார்ப்பது அதன் ஓராண்டு அடிமட்டம், உச்சம் என்ற இரண்டு புள்ளிகளை மட்டும். பர்சென்டைலோ, ஓராண்டில் எத்தனை நாள் ஐவி இன்றைய அளவுக்குக் கீழே இருந்தது என்று எண்ணுகிறது.

ஐவியின் அடிமட்டம் 10, உச்சம் 30, இன்று 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15-10 என்பது 5. அதை 30-10 ஆன 20 ஆல் வகுத்து, 100 ஆல் பெருக்கினால் ரேங்க் 25. ஆனால் 250 வர்த்தக நாட்களில் 200 நாள் 15-க்குக் கீழே இருந்திருந்தால் பர்சென்டைல் 80. அந்த 30 ஓரிரு நாள் வந்துபோன உச்சமாக இருந்தால் ரேங்க் ஏமாற்றும். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி ஏறத்தாழ 6% விழுந்தது. இந்தியா விக்ஸ் எகிறி, சில நாட்களில் அடங்கியது. இப்படிப்பட்ட உச்சம் ஓராண்டு முழுக்க ரேங்கை அமுக்கி வைக்கும். ஆண்டு முடிந்து அது கணக்கிலிருந்து விழுந்ததும், அடுத்த உச்சம் 18 என்றால், ஐவி அதே 15-ல் இருக்கும்போதே ரேங்க் 62.5 ஆகிவிடும். சந்தையில் எதுவும் மாறியிருக்காது. எனவே இங்கே பர்சென்டைல் பக்கம்தான் நிற்பேன்: பிரீமியம் வழக்கத்தைவிட விலை கூடுதல், விற்பவருக்குச் சாதகம்.

அப்படியானால் பர்சென்டைல் 90 தாண்டினாலே விற்கலாமா?
*லாஸ்பேட்டை, புதுச்சேரி*

கூடாது. ஆண்டு முழுவதும் ஐவி 11-க்கும் 13-க்கும் நடுவிலேயே கிடந்தால், 12.8-க்கே பர்சென்டைல் 90 வந்துவிடும். கைக்கு வரும் பிரீமியம் சொற்பம், ரிஸ்க் மட்டும் முழுசு. ஆகவே கடந்த 20 நாளில் நிஃப்டி உண்மையில் எவ்வளவு ஆடியது என்ற ஹிஸ்டாரிகல் வாலட்டிலிட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐவி 15, அது 11 என்றால் விற்க இடம் உண்டு. அது 16 என்றால் பர்சென்டைல் என்ன சொன்னாலும் பிரீமியம் மலிவுதான். பட்ஜெட், ரிசர்வ் வங்கி அறிவிப்பு, கம்பெனி ரிசல்ட் எதிரே இருந்தால் ஐவி ஏறியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை இலவசப் பணமாக நினைக்காதீர்கள்.

விற்றாலும் நேக்கடாக விற்க வேண்டாம். 200 பாயின்ட் அகல ஐயர்ன் காண்டரில் 60 பாயின்ட் கிடைத்தால், அதிகபட்ச நஷ்டம் 140 பாயின்ட். அதை லாட் அளவால் பெருக்கி, அந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்று பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள்.

பர்சென்டைல் 10 என்றால் ஸ்டிராடில் வாங்கலாமா?
*திருப்பாதிரிப்புலியூர், கடலூர்*

மலிவாக இருப்பது மட்டும் போதாது. ஐவி பல மாதம் அடியிலேயே கிடக்கும். தீட்டா தினமும் தின்னும். ஐவியை 16 ஆல் வகுத்தால், சந்தை எதிர்பார்க்கும் ஒரு நாள் அசைவு ஏறத்தாழக் கிடைக்கும். ஐவி 12 என்றால் 0.75%. நிஃப்டி அதைவிட அதிகமாக ஆடத் தொடங்கியிருந்தால் வாங்கலாம். எக்ஸ்பைரிக்குக் குறைந்தது ஒரு மாதமாவது இருப்பதை எடுங்கள். கடைசி வாரத்து ஸ்டிராடிலில் ஐவி ஏறினாலும் வேகா சிறிது என்பதால் கைக்கு அதிகம் வராது.