‘ஏற்பு’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் வீட்டிலிருந்தே கிராஃபிக் டிசைன் செய்கிறேன். இதுவரை தெரிந்தவர்களுக்கு வாய்ப்பேச்சில்தான் வேலை. இப்போது கப்பலூரில் ஆலையும் சென்னையில் தலைமை அலுவலகமும் உள்ள ஒரு மசாலா கம்பெனி, ஒரு லோகோவும் 12 பாக்கெட் லேபிளும் கேட்டிருக்கிறது. லோகோவுக்கு 15,000, லேபிள் ஒன்றுக்கு 3,750, மொத்தம் 60,000 ரூபாய். ஆறு பக்க ஆங்கில ஒப்பந்தம் அனுப்பி ரெண்டு நாளில் கையெழுத்து கேட்கிறார்கள். பணம் தரும் தேதி, வேலை யாருக்குச் சொந்தம், கேன்சல் ஆனால் என்ன என்ற மூன்று ஷரத்துகளின் நகலை இணைத்திருக்கிறேன். அப்படியே போட்டுவிடலாமா?
– வாசகர், திருநகர்

பதில்: அப்படியே போட வேண்டாம். அதற்காக வேலையை விடவும் வேண்டாம். இது யாரையும் ஏமாற்ற எழுதிய ஒப்பந்தமாகத் தெரியவில்லை. எல்லா சப்ளையர்களுக்கும் ஒரே அச்சில் வார்த்து வைத்திருப்பதை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நாலைந்து வரி மாறினால் போதும்.

முதலில் ஆறு பக்கத்தையும் பிரின்ட் எடுங்கள். ‘ஏற்பு’, ‘ஒப்புதல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் ரெண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: ஏற்பது யார்? எத்தனை நாளுக்குள்? நீங்கள் அனுப்பிய ஷரத்துகளில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் முதல் கேள்விக்கு ‘கம்பெனி’ என்ற பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு எங்குமே பதில் இல்லை. பணத்திலும் ரத்திலும் உங்களுக்கு வரும் சிக்கல் இந்த ஓர் ஓட்டை வழியாகத்தான் வருகிறது.

பணத்தில் தொடங்குவோம். ‘கம்பெனிக்குத் திருப்தியாக இறுதி ஏற்பு கிடைத்த பின் இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும், இன்வாய்ஸ் கிடைத்து 60 நாளுக்குப் பிந்தைய பட்டுவாடாவில், அதாவது மாதந்தோறும் 7-ஆம் தேதி, பணம் தரப்படும்’ என்கிறது ஷரத்து. 60 நாள் என்றுதான் கண்ணில் படும். தேதி போட்டுப் பாருங்கள். கடைசி லேபிளை ஜூன் 10 அன்று அனுப்புகிறீர்கள். மார்க்கெட்டிங் மேலாளர் ஊரில் இல்லை, முதலாளி பார்க்கவில்லை என்று இழுத்து, ஜூலை 5 அன்று ‘ஓகே’ வருகிறது. அன்றே இன்வாய்ஸ் போட்டாலும் 60-வது நாள் செப்டம்பர் 3. பட்டுவாடா செப்டம்பர் 7. ஆக வேலை முடித்துக் கொடுத்து 89 நாள். அந்த ‘ஓகே’ வரவே இல்லையென்றால் நாள் கணக்கே தொடங்காது.

எனவே 60-ஐக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதற்கு முன்னால், கணக்கு எந்த நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது என்பதைக் கட்டுங்கள். இந்த வாசகத்தைக் கேளுங்கள்: ‘டிசைன் அனுப்பிய 7 நாளுக்குள், என்ன மாற்றம் வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஏற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் தரப்படும்.’ அதே ஜூன் 10-க்கு இப்போது கணக்குப் போட்டால் ஜூன் 17 ஏற்பு, ஜூலை 17 பணம். ‘எழுத்தில்’ என்பதில் இ-மெயில் அடங்கும், எந்த முகவரிக்கு அனுப்பினால் செல்லும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவில் ‘கலர் கொஞ்சம் டல்லா இருக்கே’ என்று வருவதெல்லாம் ஆட்சேபமா இல்லையா என்ற வழக்கு அப்போது எழாது. ‘திருப்தியாக’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, ‘இணைப்பில் உள்ள வேலை விவரத்துக்கு ஏற்ப’ என்று போடச் சொல்லுங்கள். திருப்தியை அளக்க முடியாது. வேலை விவரத்தை அளக்கலாம்: எத்தனை லேபிள், என்ன அளவு, லேபிளுக்கு எத்தனை முறை திருத்தம். மூன்று திருத்தம் என்று எழுதியிருந்தால் நாலாவதுக்குத் தனிக்காசு கேட்க வழி இருக்கும்.

இங்கே சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது, நீங்கள் ‘உத்யம்’ என்ற சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவைச் செய்திருந்தால். udyamregistration.gov.in என்ற தளத்தில் கட்டணம் எதுவும் இல்லை, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். உங்களைப் போல் சேவை செய்பவரும் ‘குறு நிறுவனம்’ என்று பதியலாம். அப்படிப் பதிந்தவருக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளே ஏற்ற நாள். நம் கணக்கில் ஜூலை 25-க்குள் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. தவிர, 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியும். மேலாளருக்கு இது தெரியாமல் இருக்கலாம், கம்பெனியின் ஆடிட்டருக்கு நன்றாகவே தெரியும். இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பல இடங்களில் கோப்பு நகர்ந்துவிடும்.

பதிவைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். வேலை கொடுத்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதே தனி வழக்காகிவிடும். வெளிநாட்டு கிளையன்ட் என்றால் இந்த வழி உதவாது. ஒப்பந்தக் கடைசியில் ‘சென்னை நீதிமன்றங்களுக்கே அதிகாரம்’ என்ற வரியும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் பாக்கிக்காகப் போகிற வசதியாக்கக் கவுன்சிலுக்கு, சப்ளையர் இருக்கிற ஊரை வைத்துத்தான் அதிகாரம். அதனால் அந்த வரிக்காகச் சண்டை போட்டு மற்ற மாற்றங்களைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து உரிமை. ‘முதற்கட்ட வரைவுகள் உட்பட அனைத்தும், உருவான கணமே கம்பெனிக்குச் சொந்தம்’ என்று இருக்கிறது. கூடவே ‘வொர்க் ஃபார் ஹயர்’, அதாவது செய்யச் சொன்னவருக்கே படைப்பு சொந்தம் என்ற சொல். அது அமெரிக்கச் சட்டத்துச் சரக்கு. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாகச் செய்ததற்குத்தான் முதலாளி உரிமையாளர். உங்களைப் போல் வெளியிலிருந்து லோகோ செய்பவரிடமிருந்து உரிமை போக வேண்டுமானால், 19-வது பிரிவுப்படி நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். மலேசியாவுக்கும் துபாய்க்கும் மசாலா ஏற்றுமதி செய்ய நினைக்கும் கம்பெனிக்கு இது பெரிய ஓட்டை. பேச்சுவார்த்தையில் இதை நீங்களே எடுத்துச் சொல்லலாம்: ‘காலவரையின்றி, உலகம் முழுவதும் என்று தெளிவாக எழுதித் தருகிறேன். ஆனால் உருவான கணத்தில் வேண்டாம், முழுப் பணமும் வந்த கணத்தில்.’ அவர்களுக்குத் தேவையானதைக் கொடுத்து, உங்களுக்குத் தேவையானதை வாங்கும் நியாயமான பேரம் இது.

வரைவுகளைத் தனியாகப் பிரியுங்கள். லோகோவுக்கு மூன்று மாதிரி காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற ரெண்டும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். எழுத்துருவும் வாங்கிய படங்களும் உங்களுக்கே சொந்தமில்லை, உரிமம்தான் இருக்கிறது. அவற்றையும் ‘அனைத்தும்’ என்ற சொல்லில் எழுதிக்கொடுத்தால், இல்லாத சொத்தை விற்ற கதையாகும். ‘மூன்றாம் நபர் எழுத்துருக்கள், படங்கள் நீங்கலாக’ என்று சேர்த்து, அந்த உரிமங்களைக் கம்பெனி பெயரிலேயே வாங்கச் சொல்லுங்கள். லேபிளுக்காக மிளகாய், மல்லியை நீங்களே போட்டோ எடுத்துத் தருவதாக இருந்தால் கவனம்: காசுக்காக ஒருவர் கேட்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கேட்டவர்தான் முதல் உரிமையாளர். அங்கே எழுதாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்கு.

முழுப் பணம் வரும்வரை அச்சுக்கான கோரல் அல்லது இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலைத் தராதீர்கள். ஒப்புதலுக்கு வாட்டர்மார்க் போட்ட குறைந்த தெளிவுப் படமே போதும். சிவகாசி அச்சகத்துக்கு ஃபைல் போய்விட்டால் பிறகு நிறுத்தச் சொல்வது காகிதத்தில் மட்டும்தான்.

ரத்து ஷரத்தில்தான் மேலே சொன்ன ரெண்டும் ஒன்றாகக் கூடி அடிக்கின்றன. ‘கம்பெனி காரணம் கூறாமல் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், அதுவரை ஏற்கப்பட்டவற்றுக்கு மட்டும் பணம்.’ லோகோ ஏற்கப்பட்டுவிட்டது, ஐந்து லேபிள் அனுப்பிவிட்டீர்கள், அதில் ரெண்டுக்குத்தான் ‘ஓகே’ வந்திருக்கிறது, இன்னும் மூன்று பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ரத்து ஆனால் உங்களுக்கு லோகோவுக்கு 15,000, லேபிள் ரெண்டுக்கு 7,500, மொத்தம் 22,500. ஆனால் உரிமை ‘உருவான கணமே’ போய்விட்டதால், பணம் வராத மூன்று லேபிளும் பாதியில் நிற்கும் மூன்றும் அவர்களுடையவை. மீதியை வேறொருவரிடம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம், நீங்கள் வாய் திறக்க முடியாது.

‘ரத்து நாள்வரை கொடுத்தவற்றுக்கு முழுத் தொகை, நடப்பில் உள்ளவற்றுக்குப் பாதித் தொகை, பணம் தராதவற்றின் உரிமை டிசைனரிடமே’ என்று மாற்றினால், லோகோ 15,000, ஐந்து லேபிளுக்கு 18,750, மூன்று பாதிக்கு 5,625 என்று மொத்தம் 39,375 வரும். வித்தியாசம் 16,875 ரூபாய். ரத்து செய்ய அவர்களுக்கு இருக்கும் உரிமை உங்களுக்கும் வேண்டும்: பணம் 15 நாள் தாமதமானால் வேலையை நிறுத்தலாம் என்று ஒரு வரி போதும். பேசாமல் மறைந்துவிடும் கிளையன்ட்டுக்கும் ஒரு வரி போடுங்கள்: 30 நாள் பதில் இல்லாவிட்டால் ரத்தானதாகக் கணக்குத் தீர்க்கப்படும்.

இதெல்லாம் காகிதப் பாதுகாப்பு. 60,000 ரூபாய்க்காகக் கவுன்சிலுக்கு நடக்கும் நிலை வராமல் காப்பது அட்வான்ஸ்தான். கையெழுத்தன்று 18,000, லோகோ ஏற்றதும் 18,000, மீதி 24,000 கடைசி ஃபைலுக்கு முன் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சம்மதிக்க மாட்டார்கள். 30 நாளை 45 ஆக்கச் சொன்னால் விட்டுக்கொடுங்கள், 7-ஆம் தேதிப் பட்டுவாடாவையும் அந்த 45 நாளுக்குள் வருமாறு ஏற்கலாம். ஏற்புக்கு நாள் கெடு, பணம் வந்த பிறகே உரிமை, இந்த ரெண்டை மட்டும் விடாதீர்கள்.

மாற்றங்களை ஃபோனில் பேசி முடிக்காமல், ஷரத்து எண்ணோடு ஒரே இ-மெயிலில் இன்றே அனுப்புங்கள். ரெண்டு நாள் கெடு பெரும்பாலும் அவர்களுக்கு அச்சகத்தில் இருக்கும் கெடு. பதில் சீக்கிரம் வரும். ‘இணைப்பு அ’ என்று ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் வேலை விவரத் தாள் உண்மையில் சேர்ந்திருக்கிறதா, அல்லது தலைப்பு மட்டும் போட்டு வெற்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கையால் திருத்தினால் திருத்தத்தின் பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இட வேண்டும். அவர்கள் கையெழுத்திட்ட பிரதி உங்கள் கைக்கு வரும்வரை, மாதிரிக்கு என்று ஒரு ஸ்கெட்ச்கூட அனுப்ப வேண்டாம்.