இசப்கோல் உமியும் தண்ணீரும்: கேள்வி பதில்

குடல் நோய்ப் பிரிவில் 22 வருடம் செவிலியராக இருந்தேன். இசப்கோல் பற்றி வந்த கேள்விகளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைப் போலவே எழுதுகிறேன்.

"மூணு வாரமா ராத்திரி படுக்கும்போது 2 டேபிள்ஸ்பூன் இசப்கோலை அரை டம்ளர் தண்ணியில போட்டு சாப்பிடறேன். மலச்சிக்கல் தீரல, வயிறு கல்லு மாதிரி இருக்கு. இன்னும் கூட்டணுமா?"

கூட்டவே வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: வாயு பிரிகிறதா? வாயுவும் பிரியாமல், வயிறு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் வீட்டில் எதையும் செய்து பார்க்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி ஏதும் இல்லாமல் வெறும் உப்புசம் என்றால், தண்ணீர் போதாமல் போனதுதான் காரணமாக இருக்கும்.

ஒருமுறை கண்ணாடி டம்ளரில் போட்டுப் பாருங்கள். அரை டம்ளர் தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் உமி. கால் மணி நேரம் கழித்துக் கரண்டியை நட்டால் அது சாயாமல் நிற்கும். அதே உமியில் ஒரு டீஸ்பூன் மட்டும் எடுத்து, டம்ளர் நிறையத் தண்ணீரில் போட்டால், வழவழவென்று ஊற்றுகிற பதத்தில் இருக்கும். உங்கள் குடலுக்கு இந்த இரண்டாவது டம்ளர்தான் வேண்டும். இந்த உமி குடலில் பெரும்பாலும் செரிப்பதும் இல்லை, புளிப்பதும் இல்லை. பிடித்த தண்ணீரை விடாமல் கடைசி வரை கொண்டுபோகும். பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சப் பார்த்தாலும் உமி விட்டுக்கொடுக்காது, அதனால் மலம் ஈரமாகவே இருக்கும். பிடிக்கத் தண்ணீரே இல்லையென்றால் உமி வெறும் சுமைதான்.

இரண்டு நாள் நிறுத்துங்கள். வயிறு இளகிய பிறகு காலையில் ஒரு டீஸ்பூன் மட்டும், 250 மில்லி தண்ணீரில். கலக்கியதும் கெட்டியாக விடாமல் உடனே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். ஒரு வாரம் இதே அளவில் இருங்கள். தேவைப்பட்டால் அடுத்த வாரம் மாலையிலும் ஒரு டீஸ்பூன், அதற்கும் இரண்டு டம்ளர் தண்ணீர். பலன் தெரிய 12 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை ஆகலாம், முதல் நாளே அளவைக் கூட்டிவிடாதீர்கள். உருண்டை உருண்டையாகப் போனது ஒன்றாகச் சேர்ந்து, முக்காமல் வழுக்கிக்கொண்டு வெளியேறினால் அளவு சரி. கெட்டியாகவே இருந்தால் உமியைக் கூட்டுவதற்கு முன் அன்று குடித்த தண்ணீரை எண்ணிப் பாருங்கள்.

உமியை நைசாக அரைத்த தூள் வாங்கியிருந்தால் அதே கரண்டியில் எடை அதிகம் பிடிக்கும். அப்போது பாக்கெட்டில் போட்டிருக்கிற கிராம் கணக்கைப் பாருங்கள்.

"அது தண்ணிய இழுக்கும்னா, பேதிக்கு தண்ணியே இல்லாம வாயில போட்டு முழுங்கறதுதானே சரி? உள்ள இருக்கற தண்ணிய அது உறிஞ்சிடும்ல?"

பாதி சரி. இளகிப் போகும்போது குடலில் தளும்புகிற தண்ணீரை உமி தன்னோடு பிடித்துக்கொள்ளும், மலத்துக்கு உருவம் வரும். கெட்டியானதை இளக்குவதும் இளகியதைச் சேர்த்துப் பிடிப்பதும் அதன் ஒரே குணம்தான். ஆனால் நீங்கள் உலர்வாகப் போட்டால் அது முதலில் சந்திப்பது குடலை அல்ல, தொண்டையை.

எங்கள் வார்டில் ஒரு பெரியவர் ஒரு கரண்டி உமியை வாயில் கொட்டி, இரண்டு மடக்கு தண்ணீர் குடித்தார். சில நிமிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டே இருந்தார். உணவுக்குழாயில் ஊறி அடைத்திருந்த கட்டியை உள்நோக்குக் குழாய் விட்டுத்தான் எடுத்தார்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும், உணவுக்குழாயோ குடலோ சுருங்கியிருப்பவர்களும் இதைத் தொடவே கூடாது.

பேதிக்கும் முழு டம்ளரில் கலக்கித்தான் குடிக்க வேண்டும். மலச்சிக்கலுக்குச் சொன்னபோது மேலே குடிக்கச் சொன்ன வெறும் தண்ணீர் டம்ளரை மட்டும் இங்கே வற்புறுத்த மாட்டேன், தாகத்துக்கு ஏற்றபடி குடியுங்கள்.

"வயித்துல மலம் விழற பை வச்சிருக்கேன், சிறுகுடல் ஆபரேஷன். தண்ணியா போறதுக்கு இசப்கோலை கொஞ்சம் தண்ணியில எடுத்து, ஒரு மணி நேரம் எதுவும் குடிக்க வேணாம்னு சொன்னாங்க. நீங்க வேற மாதிரி சொல்றீங்களே?"

உங்களுக்குச் சொன்னது உங்கள் குடலைப் பார்த்துச் சொன்னது. அப்படிச் சொல்கிற மருத்துவர்களும் உண்டு, பை வைத்தவர்களுக்கு இசப்கோலே வேண்டாம் என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இதில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பைக்குள் ஒன்றும் விழாமல் வயிறு வலித்தால் காத்திருக்காமல் உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

"ரெண்டு நாளா தண்ணி தண்ணியா போகுது, காய்ச்சலும் இருக்கு. இசப்கோல் போட்டா நிக்குமா?"

இப்போது வேண்டாம். மலம் கெட்டியானதுபோல் தெரிந்தாலும் உடம்பு இழந்த தண்ணீரும் உப்பும் திரும்ப வராது. ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு, இன்றே மருத்துவரைப் பாருங்கள். நான் பேசியது மாதக்கணக்காக அடிக்கடி இளகிப் போகிறவர்களைப் பற்றி.

"அப்பாவுக்கு 78 வயசு. பத்து நாளா சரியா போகல, ஆனா நேத்துலேர்ந்து துணியில தண்ணியா கசியுது. பேதின்னு இசப்கோல் குடுக்கப் போறேன், எவ்வளவு குடுக்கட்டும்?"

கொடுக்காதீர்கள், அது பேதியாக இல்லாமல் இருக்கலாம். மலக்குடலில் கெட்டியான மலம் அடைத்து நிற்கும்போது, மேலே இருக்கிற நீர்த்த மலம் அதன் ஓரமாக வழிந்து கசியும். பார்ப்பவர்களுக்குப் பேதியாகத் தெரியும். பல நாள் போகாமல் இருந்து திடீரென்று, அவருக்கே தெரியாமல் கசிவது இதன் அடையாளம். அடைப்புக்கு மேலே உமியைக் கொடுத்தால் அது அங்கேயே ஊறி அடைப்பை இன்னும் இறுக்கும். மருத்துவர் விரலால் பரிசோதித்துப் பார்த்து, எனிமாவோ வேறு வழியோ சொல்வார். வலிக்காக மார்ஃபின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் குடலே மெதுவாகிவிடும், அங்கே உமி உதவாது.

"காலைல தைராய்டு மாத்திரைய இசப்கோல் தண்ணியிலேயே முழுங்கிடறேன். ஒரே டம்ளர்ல ரெண்டு வேலை முடிஞ்சிடுது. இதைச் சொல்ல மறந்துட்டீங்களா?"

நல்லவேளை கேட்டீர்கள், இதை மாற்ற வேண்டும். மாத்திரை அந்தக் கூழில் சிக்கி முழுதாக ரத்தத்தில் சேராமல் போகலாம். தைராய்டு மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள், மற்ற மாத்திரைகளுக்குக் குறைந்தது 2 மணி நேரம். இத்தனை நாள் சேர்த்தே சாப்பிட்டதால் உங்கள் மாத்திரை அளவுகூட அதற்கேற்ப ஏற்றி வைக்கப்பட்டிருக்கலாம். மாற்றப்போவதை மருத்துவரிடம் சொல்லி, எப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

"15 வருஷமா ராத்திரிதான் சாப்பிடறேன், ஒண்ணும் ஆகல. காலைலதான்னு ஏன் சொல்றீங்க?"

ராத்திரி சாப்பிடுவது தப்பில்லை, நேரம் உங்கள் வசதி. குடித்த கையோடு படுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். உமி உணவுக்குழாயில் தேங்கி ஊறிவிடக் கூடாது. தூங்கினால் மேலே தண்ணீர் குடிக்கவும் வழியில்லை. முதல் கேள்வி கேட்டவர் படுக்கப்போகும்போது அரை டம்ளரோடு நிறுத்தியதால் அவரைக் காலைக்கு மாற்றினேன். நீங்கள் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிட்டு உட்கார்ந்தோ நடந்தோ இருப்பவர் என்றால் அப்படியே தொடருங்கள்.