போட்டோவ பார்த்தே கோமேதகமா கண்ணாடியான்னு சொல்ல முடியுமா? கேள்வி பதில்

பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து ஒரு தம்பி: அண்ணே, நவரத்ன மோதிரத்துல இருக்குற கோமேதகத்த குளோசப் எடுத்து அனுப்பிருக்கேன், உள்ள பாகு கலக்குன மாதிரி சுழியா இருக்கு, கண்ணாடிதானே?

அவசரப்படாதீங்க தம்பி. கோமேதகத்துக்கே அந்த பாகு கலங்கல் உண்டு, இலங்கை கல்லுல நல்லாவே தெரியும், அதனாலதான் இந்த ஒரு கல்லுல எல்லாரும் ஏமாறுறாங்க. நிஜக் கல்லுல கலங்கல் உள்ள முழுக்க பரவி, வெயில்ல தார் ரோட்டு மேல காத்து நெளியிற மாதிரி மங்கலா இருக்கும். கண்ணாடில அப்படி இல்ல, கயிறு கயிறா வளைஞ்ச கோடு, ஓரிடத்துல இருக்கும் இன்னோரிடத்துல இருக்காது. உங்க மூணாவது படத்துல கலங்கலுக்கு நடுவுல குட்டி குட்டியா உருண்டையும் தெரியுது, அதுதான் முக்கியம்.

பட்டர்வர்த் அங்கிள்: உருண்டை தெரிஞ்சா குமிழிதான், குமிழி இருந்தா கண்ணாடிதான், இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு?

பாதி சரி அங்கிள். கோமேதகத்துக்குள்ள வேற கனிமத் துணுக்கும் முனை மழுங்கி உருண்டை மாதிரிதான் கெடக்கும். ஆனா குமிழிக்குள்ள இருக்குறது வெறும் காத்து, வெளிச்சம் அங்க ரொம்ப வளையிறதால ஓரம் கருப்பா அழுத்தமா, நடுவுல பளிச்னு ஒரு புள்ளி தெரியும். துணுக்குக்கு ஓரம் மெலிசு, வடிவமும் கோணல் மாணலா இருக்கும். தம்பியோட படத்துல ஓரம் மெலிசாதான் தெரியுது, அதனால நான் நிஜக்கல் பக்கம் சாயிறேன். அப்புறம் நெருப்புல உருக்கி செஞ்ச செயற்கை மாணிக்கத்துலயும் குமிழி வரும், அது கண்ணாடி இல்லயே!

ஜார்ஜ்டவுன் அக்கா: எனக்கு கோமேதகம் ராசிக்கு ஒத்துக்குமா? என்கிட்ட பச்சை பெரிடாட் தோடுதான் இருக்கு.

ராசி என் டிபார்ட்மென்ட் இல்லக்கா லா. பெரிடாட்டுக்கு ஈஸி வழி இருக்கு: மேல்பட்டை வழியா பின்பக்க பட்டை விளிம்புகள ஃபோகஸ் பண்ணி, 10 மடங்கு பெருசா காட்டுற நகைக்கடை லூப்ப போன் லென்ஸ் முன்னாடி வச்சு எடுங்க. ஒவ்வொரு கோடும் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா கண்ணாடி இல்ல. சில திசையில ரெட்டையாகாது, அதனால கல்ல சாச்சு சாச்சு பாருங்க. கோமேதகத்துல இது வேலைக்கு ஆகாது, அதுவும் கண்ணாடி மாதிரி ஒத்தையாத்தான் காட்டும்.

தம்பி மறுபடி: அப்ப கட்டிங்க பார்த்து சொல்ல முடியாதா?

கொஞ்சம் முடியும். அச்சுல வார்த்த கண்ணாடில பட்டை சேர்ற விளிம்பு உருண்டிருக்கும், பட்டை நடுவுல லேசா குழியும், ஜன்னல் வெளிச்சம் அதுல விழுந்தா நேரா இல்லாம வளைஞ்சு தெரியும். ஆனா பட்டை தீட்டின கண்ணாடிக்கும் விளிம்பு கூராத்தான் இருக்கும், பழைய நிஜக் கல்லு தேஞ்சும் போயிருக்கும். உங்க மோதிரத்துக்கு பின்பக்கம் மூடியிருக்கு, அடிப்பட்டைங்க தெரியல, அதனால இந்த படத்த வச்சு இதுக்கு மேல சொல்ல மாட்டேன். லேப்ல ஒளிவிலகல் எண் பார்த்தா கோமேதகம் 1.74 பக்கம் காட்டும், சாதா கண்ணாடி அதுக்கு ரொம்ப கீழ, கல்ல கழட்டவும் தேவையில்ல.