ஃப்ளூகோனசோல்: முதல் நாள் ஏன் இரட்டிப்பு, வாரம் ஒரு முறை எந்த நோய்க்கு?

கேள்வி: என் பையனுக்கு 4 வயசு, 15 கிலோ. வாயில் வெள்ளைப் படலம் போகாததால் டாக்டர் ஃப்ளூகோனசோல் சிரப் எழுதினார். முதல் நாள் 9 மில்லி, அப்புறம் தினமும் 4.5 மில்லி, மொத்தம் 14 நாள். அக்கா பெண்ணுக்குத் தலையில் வந்த பூஞ்சைக்கு இதே மருந்தை வாரத்துக்கு ஒரு தடவைதான் கொடுக்கிறார்கள். எது சரி? கல்லீரலுக்கு டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்:

இரண்டுமே சரிதான். ஆனால் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே தப்பாகிவிடும்.

முதலில் உங்கள் பையனின் கணக்கு. வாயில் வரும் கேண்டிடா பூஞ்சைக்கு, பிறந்து ஒரு மாதம் தாண்டிய குழந்தைகளுக்கு, முதல் நாள் கிலோவுக்கு 6 மி.கி., அடுத்த நாளிலிருந்து கிலோவுக்கு 3 மி.கி. என்பது வழக்கமான அளவு. 15 கிலோவுக்கு முதல் நாள் 90, பிறகு தினமும் 45 மி.கி. பாட்டிலில் ‘5 மில்லியில் 50 மி.கி.’ என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் 10 மி.கி. இருக்கிறது. ஆக 9 மில்லி, பிறகு 4.5 மில்லி. டாக்டர் எழுதியது இந்தச் செறிவுக்குத்தான்.

இதே மருந்து 5 மில்லியில் 200 மி.கி. இருக்கும்படியும் தயாராகிறது. பாட்டிலும் பொடியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதில் 9 மில்லி கொடுத்தால் 90-க்குப் பதில் 360 மி.கி. உள்ளே போய்விடும், நாலு மடங்கு. அதனால் பாட்டிலைத் திறக்கும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். இரண்டாவது பாட்டில் வாங்கும்போதும் படியுங்கள். இரண்டாவது பாட்டில் தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன்: முதல் நாள் 9, பிறகு 13 நாள் 4.5 வீதம் 58.5, ஆக மொத்தம் 67.5 மில்லி. சிறிய பாட்டில் பாதியிலேயே தீர்ந்துவிடும். பாதியில் நிறுத்தினால் படலம் திரும்பி வரும்.

பொடியில் தண்ணீர் ஊற்றும் முன் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் சொன்ன அளவு ஆறவைத்த தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றிக் குலுக்குங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மேலே தண்ணீரும் அடியில் மருந்துமாக நிற்கும், முதல் வாரம் குறைவாகவும் கடைசி வாரம் அதிகமாகவும் போகும். மூடியில் வரும் குப்பியில் 4.5 என்ற கோடு இருக்காது, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். கரைத்த மருந்தை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பது லேபிளில் இருக்கும், பெரும்பாலும் 14 நாள்.

சிரப் கிடைக்காத ஊரில் தண்ணீரில் கரையும் 50 மி.கி. மாத்திரையைக் கேட்கலாம். முதல் நாள் இரண்டு, பிறகு தினமும் ஒன்று என்றால் 15 கிலோ குழந்தைக்கு அளவு ஏறக்குறைய அதேதான். மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கான 150 மி.கி. மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம், மூன்று சம துண்டாக அது உடையாது.

இனி முதல் நாள் ஏன் இரட்டிப்பு என்பது. ஃப்ளூகோனசோல் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். பெரியவர்களுக்கு உள்ளே போனதில் பாதி குறைய சுமார் 30 மணி நேரம் ஆகும், இந்த வயதுக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். 45 மி.கி. கொடுத்தால் மறுநாள் அதே நேரத்தில் சுமார் 20 மி.கி. உடம்பில் மிச்சம் இருக்கும். அதன் மேல் அடுத்த 45 சேர்ந்து 65 ஆகும். அதற்கடுத்த நாள் 73, பிறகு 77 என்று ஏறி, 80-க்கு அருகில் நின்றுவிடும். அதாவது வெறும் 45-ல் தொடங்கினால் மருந்து தன் முழு அளவுக்கு வர நாலைந்து நாள் பிடிக்கும். முதல் நாள் 90 கொடுத்தால் மறுநாள் 39 மிச்சம், அதோடு 45 சேர்ந்து 84. முதல் நாளே உடம்பு அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. இரட்டிப்பு என்பது வேகமாகக் குணமாக வேண்டும் என்பதற்கான கூடுதல் வேகம் இல்லை, காலிப் பாத்திரத்தை ஒரே ஊற்றில் மட்டத்துக்கு நிரப்புவது போன்றது. அதனால் அதை ஒரே நாள்தான் செய்ய வேண்டும். இரண்டாம் நாளும் 9 மில்லி கொடுத்துவிட்டால் பதற வேண்டாம், அடுத்த நாள் 4.5-க்கு வந்துவிடுங்கள், டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றே நினைவு வரும்போது கொடுக்கலாம், மறுநாள் இரண்டு வேளையாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலையும் வேண்டாம், இரண்டிலும் ஒரே மாதிரி உறிஞ்சப்படும்.

பச்சைக் குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் உடம்பில் பிறந்த புதிதில் மருந்து பாதியாகக் குறைய 70 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதனால் முதல் சில வாரங்களில் வேளைகளுக்கு இடையே இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுவதும் உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலைத் தம்பிப் பாப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் அக்கா பெண். அவளுக்கு வந்திருப்பது தலைப் படர்தாமரையாக இருக்கும், முடிக்குள்ளும் தோலின் மேல்படலத்திலும் வாழும் வேறு வகைப் பூஞ்சை. ஃப்ளூகோனசோலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: இரத்தத்தை விட்டுப் போன பிறகும் தோலின் மேல்படலத்திலும் நகத்திலும் தங்கும். பெரியவர்களுக்கு வாரம் ஒரு முறை 150 மி.கி. கொடுத்து ஏழாம் நாள் அளந்தபோதும் தோல் படலத்தில் ஒரு கிராமுக்கு 23 மைக்ரோகிராம் வரை மருந்து இருந்தது. அந்தத் தங்கலை நம்பித்தான் கிலோவுக்கு 6 முதல் 8 மி.கி. வரை வாரம் ஒரு முறை, 8 முதல் 12 வாரம் என்று கொடுக்கிறார்கள். அவளும் 15 கிலோ என்றால் வாரத்துக்கு 90 முதல் 120 மி.கி. அதற்கு முதல் நாள் இரட்டிப்பு தேவையில்லை. இதே நோய்க்குத் தினமும் கிலோவுக்கு 6 மி.கி., 3 முதல் 6 வாரம் என்ற முறையும் உண்டு.

வாய்க்கு வாரம் ஒரு முறை ஏன் ஆகாது என்பது இதிலிருந்தே தெரியும். வாயின் உட்புறத்தில் அப்படித் தங்க இடமில்லை, எச்சிலில் வரும் மருந்து இரத்தத்தில் உள்ளதை ஒட்டித்தான் இருக்கும். 20 மணிக்கொரு முறை பாதியானால் ஏழு நாளில் எட்டுத் தடவைக்கு மேல் பாதியாகும், மிச்சம் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அடுத்த வேளைக்கு முன்பே பூஞ்சை மறுபடி வளரத் தொடங்கலாம், அதுவும் மருந்துக்குப் பழகிக்கொண்டு.

மறுபக்கத் தவறு இன்னும் மோசமானது. சீட்டில் ‘வாரம் ஒன்று’ என்பதைத் ‘தினம் ஒன்று’ என்று படித்து, 12 வாரத்துக்குத் தினமும் கொடுப்பது. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே டாக்டரை எழுதச் சொல்லுங்கள். ‘ஞாயிறு மட்டும்’ என்று இருந்தால் குழம்பாது. தலைப் படர்தாமரைக்கு முதல் தேர்வு பெரும்பாலும் கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின்தான். அவை கிடைக்காதபோதோ ஒத்துக்கொள்ளாதபோதோ ஃப்ளூகோனசோல் வருகிறது. எட்டு வாரத்திலும் வழுக்கைத் திட்டில் முடி துளிர்க்கவில்லை, செதில் போகவில்லை என்றால் அதையே நீட்டாமல், முடியும் செதிலும் எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கல்லீரல் சோதனை. வேறு நோயில்லாத குழந்தைக்கு 14 நாள் கொடுப்பதற்கு வழக்கமாக இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்பதே என் கருத்து. ஏற்கெனவே மஞ்சள் காமாலை, கல்லீரல் நோய் இருந்தாலோ, காசநோய் மருந்து, வலிப்பு மருந்து சாப்பிட்டாலோ தொடங்கும் முன்பே SGPT, SGOT என்ற கல்லீரல் நொதிகளை இரத்தத்தில் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் தினமும் ஓடும் என்றால் தொடக்கத்தில் ஒன்று, 2 முதல் 4 வாரத்துக்குள் ஒன்று, பிறகு மாதம் ஒன்று.

எண்ணை எப்படிப் படிப்பது? லேப் சொல்லும் உச்ச வரம்பு 40 என்று வையுங்கள். தொடங்கும்போது 24 இருந்த SGPT நாலாம் வாரம் 62 ஆனால், பையன் ஓடி விளையாடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நிறுத்த வேண்டியதில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்த்தால் போதும். இடையில் வந்த வைரஸ் காய்ச்சலே அந்த ஏற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம். மூன்று மடங்கைத் தாண்டி, அதாவது 120-க்கு மேல் போய், கூடவே அறிகுறியும் இருந்தால் நிறுத்துவார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கு, 200, தாண்டினால் நிறுத்துவார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

அந்த அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு சோதனைகளுக்கு நடுவே காவல் இருப்பது நீங்கள்தான். சாப்பாட்டைக் கண்டாலே ஒதுக்குவது, தொடர் வாந்தி, தேநீர் நிறத்தில் சிறுநீர், வெளுத்த மலம், கண்ணில் மஞ்சள். இதில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் அன்றே காட்டுங்கள். தோல் சிவந்து கொப்புளித்தாலும், உதடும் வாயும் புண்ணானாலும் அப்படியே.

எல்லோரும் கல்லீரலையே கேட்கிறார்கள், ஆனால் இந்த மருந்தில் சுமார் 80 சதவீதம் மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பாதிக்குக் கீழ் வேலை செய்யும் குழந்தைக்கு முதல் நாள் முழு அளவு கொடுத்து, தினசரி அளவைப் பாதியாக்குவார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எப்போதாவது ஏறியிருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

வாந்தி வந்தால் வீட்டில் இருக்கும் டோம்பெரிடோனைக் கொடுக்க வேண்டாம். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இதோடு சேரக் கூடாது. இரண்டும் ஃப்ளூகோனசோலோடு சேர்ந்து இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கக்கூடும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடும் குழந்தைக்கு அதன் அளவு இரத்தத்தில் ஏறும், நடை தள்ளாடும், அசதியாக இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கைக்குழந்தைக்கு வாயில் படலம் வருவது சகஜம், 4 வயதில் அப்படியில்லை. சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டானா, இழுப்புக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறானா என்று பாருங்கள். இன்ஹேலர் என்றால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், அப்படிக் கொப்பளிக்காமல் பூஞ்சை மருந்து மட்டும் பலிக்காது. இரண்டும் இல்லை, அடிக்கடி தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் போகிறான் என்றால் சர்க்கரை பார்க்க வேண்டும். எடை ஏறாமல் அடிக்கடி காய்ச்சலும் வருகிறது என்றால் நோய் எதிர்ப்பு சக்தி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஏழு நாளாகியும் படலம் கொஞ்சமும் குறையவில்லை என்றாலும் 14 நாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கேண்டிடா க்ரூசை போன்ற சில வகைகளுக்கு இந்த மருந்து இயல்பிலேயே வேலை செய்யாது, பஞ்சில் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினால்தான் அது தெரியும்.