ஞாயிறு மாலை ஐந்து மணி

ஐயா,
என் மகளைப் பெண் பார்க்கக் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டு பேராக வருவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் பாயான் லெப்பாசில் சிறிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் கணவர் இல்லை. மறுத்தால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?
ஒரு வாசகி, பினாங்கு

அன்புள்ள சகோதரிக்கு,

நேரத்தை மாற்றக் கேளுங்கள்; அதற்குத் தகுந்த காரணமே இருக்கிறது. நாட்காட்டியில் ஞாயிறு இராகுகாலம் 4.30 முதல் 6 வரை என்றிருப்பது, காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாகக் கொண்ட கணக்கு. நம் ஊரில் உதயம் ஏழு மணிக்கு மேல்தான். பகல் பொழுதை எட்டாகப் பிரித்தால் ஞாயிற்றுக்குரிய கடைசிப் பங்கு ஏறத்தாழ 5.50க்குத் தொடங்கி அந்தி வரை நீளும். ஆக, முதல் கணக்கின்படி அவர்கள் இராகுகாலத்திலேயே படியேறுவார்கள். இரண்டாவதன்படி, பலகாரம் முடிந்து பேச உட்காரும்போது அது பிடித்துக்கொள்ளும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை என்றாலும், பின்னாளில் ஒரு மனக்கசப்பு வந்தால் யாராவது ஒரு பெரியம்மா இந்த நேரத்தைத்தான் எடுத்துப் பேசுவார். காலை 11 மணி இரண்டு கணக்கிலும் இராகுகாலத்துக்கு வெளியே இருக்கிறது. நாலைந்து மணி நேரப் பயணம் என்பதால் அவர்கள் விடியலில் புறப்பட வேண்டியிருக்கும். மதிய உணவு உங்கள் வீட்டில் என்று சொல்லிவிட்டால் அது பெரிதாகத் தெரியாது, இருட்டுமுன் வீடு திரும்பவும் முடியும்.

ஆள் எண்ணிக்கையை நேராகக் குறைக்கச் சொல்லாமல், இடத்தைச் சொல்லுங்கள்: "கூடத்தில் ஏழு பேர் வசதியாக உட்காரலாம், மற்றவர்களை நிச்சயத்துக்கு அழைக்கிறோம்." பையன், பெற்றோர், தாய்மாமன் தம்பதி, மணமான அக்காள் தம்பதி என்றால் ஏழு சரியாக வரும். உங்கள் பக்கம் உங்கள் அண்ணனும் அண்ணியும், கணவர் வழியில் மூத்தவர் ஒருவரும் இருக்கட்டும். அந்த மூத்தவரை விட்டுவிட்டு அண்ணனை மட்டும் பேச வைத்தால், கணவர் வீட்டார் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

என் தங்கை மகளைப் பார்க்க வந்தபோது மூன்று கார்களைக் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். வண்டி எண்களை முன்கூட்டிப் பதிய வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இருபது நிமிடம் வெயிலில் நின்றவர்களிடம் எங்கள் முதல் பேச்சே மன்னிப்பாகிவிட்டது.

இன்னொன்றையும் முன்பே தெளிவாக்கிவிடுங்கள். பூவும் பழமும் கொண்டு வருவது வழக்கம்தான். ஆனால் வெற்றிலை பாக்குடன் தட்டு மாற்றினால் அது சம்மதம் என்றே பொருள்படும். உங்கள் மகள் பையனோடு தனியே பத்து நிமிடமாவது பேசுவதற்கு முன் அது நடக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் தரகர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். உங்கள் அண்ணன் மாப்பிள்ளையின் தந்தையைத் தொலைபேசியில் அழைத்துப் பேசட்டும். அன்றிரவே நாள், நேரம், முகவரி ஆகியவற்றைப் புலனத்தில் எழுதி அனுப்பி, வரும் வண்டிகளின் எண்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.